எழுவாய் இல்லாத தீர்ப்பு

“தொடர்பாடல் மேம்பட வேண்டும்.”

மூன்று சொற்கள். கனடாவில் சில வருடங்களாவது கந்தோர் வேலை பார்த்த தமிழர்களிடம் கேட்டுப் பாருங்கள். வருடக் கடைசியில் வரும் மதிப்பீட்டுப் படிவத்தில் இந்த மூன்று சொற்களையோ இவற்றின் ஒன்றுவிட்ட சகோதரங்களையோ கண்டவர்கள் கனபேர் இருப்பார்கள். நான் மூன்று வருடம் தொடர்ந்து கண்டேன். முதல் வருடம் வெட்கப்பட்டு, ஸ்காபரோவில் ஒரு நூலகத்தில் சனிக்கிழமைகளில் நடந்த ஆங்கிலப் பேச்சு வகுப்புக்குப் போனேன். இரண்டாம் வருடம் கூட்டங்களில் தேவையில்லாமல் வாய் திறந்தேன். மூன்றாம் வருடம் குழுத்தலைவரிடம் நேரே போய், எந்த இடத்தில் நான் பிழைவிட்டேன் என்று சொன்னால் திருத்திக்கொள்வேன் என்றேன். அவர் நல்ல மனிதர். கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்துவிட்டு, “அது பொதுவான ஓர் அபிப்பிராயம்” என்றார். அவரிடம் ஓர் உதாரணமும் இருக்கவில்லை. மூன்று வருடமாக நான் எதைத் திருத்திக்கொண்டிருந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இதை எழுதுவது அவரைக் குற்றம் சொல்வதற்கு அல்ல. அவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். அந்தக் கதிரையில் இப்போது நாங்கள் இருக்கிறோம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்து சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் குழுத்தலைவர்களாகவும் முகாமையாளர்களாகவும் இருக்கிறோம். எங்களுக்குக் கீழே புதிதாக வந்தவர்களும் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய படிவத்தில் நாங்கள் என்ன எழுதுகிறோம்? அதே மூன்று சொற்களைத்தான். வெள்ளைக்காரன் எழுதினால் இனவாதம் என்று தேநீர்க்கடையில் பேசுகிறோம். நாங்கள் எழுதினால் அதற்கு “பிள்ளை முன்னேறட்டும் என்று சொன்னது” என்று பெயர்.

2013இல் ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணையம், வேலைக்கு வருபவரிடம் ‘கனடிய அனுபவம்’ கேட்பது மேலோட்டப் பார்வையிலேயே பாகுபாடு என்று தன் கொள்கை ஆவணத்தில் சொன்னது. எங்களுக்கெல்லாம் அன்று பெரிய சந்தோஷம். அனுபவம் இல்லாததால் வேலையில்லை, வேலையில்லாததால் அனுபவமில்லை என்ற செக்கில் சுற்றியவர்கள் நாங்கள். ஆனால் வாசலில் தடுத்த சொல்லை விலக்கினால் அது வீட்டுக்குள் வேறு உடுப்போடு வந்து உட்காரும். ‘தொடர்பாடல்’, ‘குழுவோடு பொருந்துதல்’, ‘தானாக முன்வரும் தன்மை’ எல்லாம் அந்த உடுப்புகள். வாசலில் கேட்டால் சட்டம் வரும். வருடக் கடைசியில் ஒரு படிவத்தின் ஐந்தாவது பெட்டிக்குள் எழுதினால் ஒருவரும் வரமாட்டார்கள்.

என்னுடைய குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவக் காப்புறுதிக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் ஒரு பிரிவில் ஒன்பது பேர் கொண்ட குழுவுக்கு நான் தலைவர். 2022 ஓகஸ்டில் கடிதங்கள் வந்து சேரும் பகுதியிலிருந்து ஒரு பெண் எங்கள் குழுவுக்கு மாறி வந்தார். இலங்கையிலிருந்து வந்து நான்கு வருடமானவர். அந்த வருட முடிவில் அவரைப் பற்றி நான் எழுதியது இது. ஆங்கிலத்தில் எழுதியதை அதன் கோலம் கெடாமல் தமிழில் தருகிறேன்:

“கோப்புகளை நேரத்துக்கு முடிப்பதில்லை. தொடர்பாடல் மேம்பட வேண்டும். தானாக முன்வரும் தன்மை குறைவு. புதியவராக இருந்தும் கடினமாக உழைக்கிறான். எப்போதும் இனிமையாகப் பழகுபவர்.”

இதோடு ஐந்தில் 2 என்ற மதிப்பெண். எங்கள் நிறுவனத்தில் 2 வாங்கியவர் ஒரு வருடத்துக்கு உள்ளே வேறு வேலைகளுக்கு விண்ணப்பிக்க முடியாது. அவர் மேன்முறையீட்டுப் பிரிவில் ஓர் இடத்துக்காகக் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன் என்று சொல்லமாட்டேன். எழுதும்போது அதை நினைக்கவில்லை.

எங்கள் முறையில், ஊழியர் படிவத்தை வாசித்து ‘பார்த்தேன்’ என்ற பொத்தானை அழுத்தும்வரை குழுத்தலைவர் அதைத் திரும்ப எடுத்துத் திருத்தலாம். பெரும்பாலானவர்கள் வாசிக்காமலே அழுத்திவிடுவார்கள். அவர் அழுத்தவில்லை. அச்சடித்த தாளோடு என் மேசைக்கு வந்தார். சுற்றவர ஆட்கள் இல்லாததால் தமிழில்தான் கேட்டார்.

“எந்தக் கோப்பு அண்ணை? எந்தக் கோல்? எனக்கு நாளைச் சொல்லுங்கோ.”

நான் யன்னலைப் பார்த்தேன்.

பிறகு அவர் தாளில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினார். “இதில ‘உழைக்கிறான்’ எண்டு கிடக்கு. இது ஆரைப் பற்றி எழுதினது?”

அது அவரைப் பற்றி எழுதியது அல்ல. முந்திய வருடம் இன்னொருவருக்கு எழுதியதை வெட்டி ஒட்டியிருந்தேன். ஆண்பாலைப் பெண்பாலாக மாற்ற மறந்துவிட்டேன். இலக்கணப் பிழைதானே என்று சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்று பின்னேரம்தான் எனக்கு உறைத்தது. அந்த ஓர் எழுத்துப் பிழை, மற்ற நான்கு வாக்கியங்களையும் காட்டிக்கொடுத்துவிட்டது. ஆளே மாறியிருந்தும் வாக்கியம் பொருந்துகிறது என்றால், அது எந்த ஆளைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

எனவே இலக்கணத்திலிருந்தே தொடங்குகிறேன். மதிப்பீட்டுக் குறிப்பில் இலக்கணம் திருத்துவதை எழுத்துப்பிழை பார்க்கும் வேலை என்று நினைக்கிறோம். அப்படியல்ல. நியாயம் தப்பிப்போகும் ஓட்டை வாக்கியத்தின் எலும்புக்கூட்டிலேயே இருக்கிறது.

தமிழில் எங்களுக்கு ஒரு வசதி உண்டு. ‘முடித்தேன்’ என்றால் நான், ‘முடித்தாள்’ என்றால் அவள். எழுவாயைச் சொல்லாவிட்டாலும் வினைமுற்றின் வால் செய்தவரைச் சொல்லிவிடும். ஆனால் ‘இல்லை’ போட்டு எதிர்மறையாக்கிப் பாருங்கள். நான் முடிக்கவில்லை, நீங்கள் முடிக்கவில்லை, அவள் முடிக்கவில்லை, அவர்கள் முடிக்கவில்லை. வால் அறுந்துவிட்டது. ‘வேண்டும்’ என்பதும் அப்படித்தான். மேம்பட வேண்டும்: யார்? நானா, அவளா, அவளுக்குப் பழக்கியவரா? குறை சொல்லவும் புத்தி சொல்லவும் நாங்கள் அதிகம் எடுப்பது இந்த இரண்டு அச்சுகளைத்தான். இரண்டிலும் ஆள் இல்லை.

இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகிறோம். ஆங்கில இறந்தகால வினை யார் செய்தாலும் ஒரே உருவம். அதற்கு வால் என்று ஒன்று முதலிலேயே இல்லை. அங்கே எழுவாயை எழுதித்தான் ஆகவேண்டும். ஆனால் படிவத்தின் சின்னப் பெட்டியோ எழுவாயைத் தின்னச் சொல்கிறது. ‘கெடு தவறியது’, ‘தகவல் தெரிவிக்கப்படவில்லை’ என்று தந்திபோல் எழுதிப் பழகிவிட்டோம். வெள்ளைக்காரரும் இப்படி எழுதுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த வழக்கத்துக்குள் நாங்கள் வழுக்கி விழுவது இன்னும் சுகமாக இருக்கிறது.

சரி, எழுவாயைப் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். முதல் வாக்கியம்: கோப்புகளை நேரத்துக்கு முடிப்பதில்லை. எங்கள் கெடு ஐந்து வேலைநாள். எந்தக் கோப்பு எந்த நாளில் யாரிடம் இருந்தது என்பதெல்லாம் கணினியில் கிடக்கிறது. அவருடைய பெயரைப் போட்டுத் தேடினால் இரண்டு நிமிடத்தில் பட்டியல் வரும். அந்த இரண்டு நிமிடத்தை நான் டிசெம்பரில் செலவழிக்கவில்லை.

பட்டியலில் செப்டெம்பர், ஒக்ரோபர் மாதங்களில் 38 கோப்புகள் கெடு தாண்டியிருந்தன. நவம்பர், டிசெம்பரில் இரண்டே இரண்டு. ‘முடிப்பதில்லை’ என்பது வழக்கத்தைச் சொல்லும் வினை. இது வழக்கமா, இரண்டு மாத நிகழ்வா? வினையின் காலத்தைச் சரியாகப் போட்டவுடனேயே குற்றச்சாட்டின் உருவம் மாறுகிறது. செப்டெம்பரில் தொடங்கி ஒக்ரோபரோடு முடிந்த ஒன்றை நான் அவருடைய குணமாக எழுதியிருந்தேன்.

அடுத்து, அந்த 38ஐயும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். 31 கோப்புகள் மருத்துவரின் இரண்டாவது கடிதத்துக்காகக் காத்திருந்தவையாகத் தெரிந்தது. இப்படிக் காத்திருக்கும் கோப்பை ‘நிலுவை’ என்று மாற்றிவிட்டால் ஐந்து நாள் மணிக்கூடு நின்றுவிடும். மாற்றாவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் மாற்றவில்லை. ஏன்? புதிதாக வருபவருக்கு அதைக் காட்டிக்கொடுப்பது குழுத்தலைவரின் வேலை. நவம்பர் முதல் கிழமையில் இன்னொருவருக்கு நான் அதைச் செய்துகாட்டியபோது, பக்கத்துக் கதிரையில் இருந்து அவரும் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் தாமதம் இரண்டாகக் குறைந்தது.

ஆக, ‘முடிப்பதில்லை’ என்ற வாக்கியத்துக்கு எழுவாய் தேடிப்போனால் அங்கே நான் நிற்கிறேன். எழுவாயை நாங்கள் ஏன் இவ்வளவு ஆசையாகத் தின்கிறோம் என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். இலக்கணம் தெரியாததால் மட்டும் அல்ல.

திருத்தி எழுதியது இப்படி வந்தது: “2022 செப்டெம்பர், ஒக்ரோபர் மாதங்களில் இவரிடமிருந்த 38 கோப்புகள் ஐந்து நாள் கெடுவைத் தாண்டின. அவற்றில் 31, மருத்துவரின் கடிதத்துக்காகக் காத்திருந்தவை. அவற்றை நிலுவைக்கு மாற்றும் முறையை இவர் குழுவில் சேர்ந்தபோது நான் காட்டவில்லை, நவம்பரில்தான் காட்டினேன். அதன்பின் ஆண்டு முடிவுவரை இரண்டு கோப்புகளே தாமதமாயின. மீதி ஏழு கோப்புகளில் தாமதத்துக்கு வேறு காரணம் இல்லை. அவற்றை இவர் கெடுவுக்குள் முடித்திருக்கலாம்.”

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். அதை நான் அழிக்கவில்லை. விபரமாக எழுதுவது என்றால் இரக்கம் காட்டுவது என்று சிலர் நினைக்கிறார்கள். ஏழு ஏழுதான். முந்திய வாக்கியம் நாற்பதையும் அவர் தலையில் கட்டியது. இது ஏழை மட்டும் கட்டுகிறது.

இனி அந்தத் ‘தொடர்பாடல்’. இதை எழுதும்போது என் மனதில் எது இருந்தது என்று யோசித்தேன். ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு. நவம்பர் 17ஆம் திகதி, பல் சிகிச்சைக் கோரிக்கை மறுக்கப்பட்ட ஒரு வாடிக்கையாளர் என்னிடம் முறையிட்டார். ‘அந்தப் பெண் முகத்தில் அடித்தாற்போல் பேசினார்’ என்றார். நான் ஒலிப்பதிவைக் கேட்கவில்லை. முறைப்பாடு மனதில் தங்கிவிட்டது. மூன்று கிழமையில் படிவம் வந்தது. ஒரு நாள் ஒரு வருடமாகிவிட்டது. கடைசியாக நடந்ததே முழு வருடத்தையும் மூடிவிடும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வியாதி. தெரிந்தும் எல்லோருக்கும் வருகிறது.

இப்போது கேட்டேன். குரலில் ஒரு கடுமையும் இல்லை. எங்கள் ஊர் ஆங்கிலம், கொஞ்சம் அவசரம், அவ்வளவுதான். ஆனால் வேறொன்று இருந்தது. ‘உங்கள் திட்டத்தில் இதற்கு இடமில்லை’ என்று சொல்லி, பிரிவின் இலக்கத்தையும் சொல்லிவிட்டு அவர் நிறுத்திவிடுகிறார். அந்தப் பக்கம் மனிதர் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறார். மேன்முறையீடு செய்யலாம் என்பதைச் சொல்லவில்லை. தரப் பரிசோதனைக்காக எடுத்து வைத்திருந்த அவருடைய 16 அழைப்புகளையும் கேட்டேன். ஒரு பின்னேரம் முழுக்கப் போயிற்று. மறுப்பு அழைப்புகள் நான்கு. மூன்றில் வாடிக்கையாளர் தாமாகக் கேட்கும்வரை மேன்முறையீடு பற்றி அவர் சொல்லவில்லை. மற்றப் பன்னிரண்டிலும் குறையாக எழுத ஒன்றும் இல்லை.

ஆகவே: “பதிவான நான்கு மறுப்பு அழைப்புகளில் மூன்றில், மறுப்புக்கான காரணத்தை இவர் சரியாகச் சொன்னார், மேன்முறையீடு செய்யும் வழியை வாடிக்கையாளர் கேட்ட பிறகே சொன்னார். இனி, காரணத்தைச் சொன்ன கையோடு வழியையும் சொல்ல வேண்டும். மார்ச் முடிவில் நான்கு மறுப்பு அழைப்புகளை இருவரும் சேர்ந்து கேட்டுப் பார்ப்போம்.”

உச்சரிப்பு எங்கே? இல்லை. அதுதான் நான் சொல்ல வந்தது. ‘தொடர்பாடல் மேம்பட வேண்டும்’ என்பதை வாசித்தவர் தன் நாக்கைத்தான் சந்தேகிப்பார். நான் சந்தேகித்தேன், சனிக்கிழமைகளில் வகுப்புக்குப் போனேன். அவரும் போயிருப்பார். இங்கே பிறந்த பிள்ளைக்கு இதே சொல்லை எழுதினால் அது இன்னும் விசித்திரம்: அந்தப் பிள்ளைக்கு இந்த ஊர் ஆங்கிலத்தைத் தவிர வேறொன்று சரியாகத் தெரியாது, ஆனால் ‘அமைதியானவர், இன்னும் வாய் திறந்து பேசலாம்’ என்று படிவம் சொல்கிறது. எந்தக் கூட்டத்தில், எந்தக் கேள்விக்கு அவர் பேசாமல் இருந்தார், அதனால் எந்த வேலை பிசகியது? இந்த மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அங்கே எழுதப்பட்டிருப்பது வேலையைப் பற்றி அல்ல, ஆளின் சுபாவத்தைப் பற்றி.

‘தானாக முன்வரும் தன்மை குறைவு’ என்பதற்கு ஓர் உதாரணமும் கிடைக்கவில்லை. அழித்தேன்.

‘கடினமாக உழைக்கிறார், இனிமையாகப் பழகுபவர்’ என்பதையும் அழித்தேன். இது சிலருக்குப் புரியாது. நல்லதைத்தானே சொன்னது? ஆனால் இந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வது? மேன்முறையீட்டுப் பிரிவில் ஆளெடுப்பவர் ‘இனிமையானவர்’ என்பதை வாசித்து எதை அறிந்துகொள்வார்? மாடும்தான் கடினமாக உழைக்கிறது. எங்கள் ஆட்களுக்கு இந்தப் பாராட்டு தாராளமாகக் கிடைக்கும், பதவி மட்டும் கிடைக்காது. அதற்குப் பதிலாக அவர் செய்த ஒன்றைத் தேடினேன். இரண்டு மருத்துவர்களின் பற்றுச்சீட்டுகள் ஒன்றோடொன்று முரண்பட்ட ஒரு கோப்பில், எங்களில் மூன்று பேர் கவனிக்காமல் விட்ட ஒரே சிகிச்சையின் இரட்டைக் கொடுப்பனவை அவர் டிசெம்பரில் பிடித்திருந்தார். அதைத் திகதியோடு எழுதினேன்.

இதெல்லாம் என் கண்டுபிடிப்பு அல்ல. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க வான்படையில் விமானிப் பயிற்சியிலிருந்து கழிக்கப்பட்டவர்களின் குறிப்புகளை ஆராய்ந்தார்கள். அதைப் பற்றி ஜோன் ஃபிளனகன் என்ற உளவியலாளர் 1954இல் எழுதிய கட்டுரையில், பயிற்சியாளர்கள் எழுதிய காரணங்கள் பலவும் தேய்ந்த வாசகங்களாக இருந்ததைச் சொல்கிறார்: பறக்கும் இயல்பு இல்லை, பொருந்தாத சுபாவம், போதிய முன்னேற்றம் இல்லை. அந்த விமானி எந்தத் திருப்பத்தில் என்ன பிழைவிட்டார் என்பது அவற்றில் இல்லை. ஃபிளனகன் முன்வைத்த வழி எளிமையானது: ஆளை வர்ணிக்காதே, ஒரு சம்பவத்தைச் சொல், அதில் அவர் என்ன செய்தார் என்பதைச் சொல், அதனால் என்ன விளைந்தது என்பதைச் சொல். எழுபது வருடமாகிறது. எங்கள் படிவம் இன்னும் ‘பறக்கும் இயல்பு இல்லை’யில்தான் நிற்கிறது.

மங்கலான சொல் எல்லோர் மீதும் ஒரேமாதிரி விழுவதுமில்லை. 2014இல் கீரன் ஸ்னைடர் என்ற மொழியியலாளர் தொழில்நுட்பத் துறையில் 248 மதிப்பீடுகளைத் திரட்டிப் பார்த்து ஃபோர்ச்சூன் சஞ்சிகையில் எழுதினார். சுபாவத்தைக் குறைசொல்லும் வார்த்தைகள், ‘குரலைக் குறை’, ‘முரட்டுத்தனம்’ போன்றவை, பெரும்பாலும் பெண்களின் படிவங்களிலேயே இருந்தன. ஆண்களுக்கு எழுதியபோது வேலையைப் பற்றி எழுதியிருந்தார்கள். நாளும் சம்பவமும் இல்லாத இடத்தை எழுதுபவரின் மனச்சாய்வு வந்து நிரப்புகிறது. எங்களுக்கும் அது உண்டு. வந்து நான்கு வருடமான ஒரு பெண்ணின் அவசர ஆங்கிலத்தைக் கேட்டு என் காது கூசியதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அது என் பழைய ஆங்கிலம்.

இதைப் பேசினால் சக குழுத்தலைவர்கள் சொல்லும் மறுப்புகள் எனக்குத் தெரியும். நேரம் இல்லை என்பது முதலாவது. ஒன்பது பேருக்கும் இப்படி டிசெம்பரில் தேடினால் உண்மையிலேயே முடியாதுதான். வருடம் முழுக்கக் கிழமைக்கு ஒருவருக்கு இரண்டு வரி எழுதி வைத்தால் முடியும். வெள்ளிக்கிழமை பின்னேரம் இருபது நிமிடம். நான் இப்போது செய்கிறேன்; சில வெள்ளி தவறிப்போகும்.

இரண்டாவது மறுப்பு பாரமானது. ஒரு நண்பர் சொன்னார்: “நாளும் நேரமும் போட்டு ஒருவரைப் பற்றி எழுதி வைப்பதை எங்கள் ஊரில் என்ன சொல்வார்கள்? நாங்கள் அதிலிருந்து தப்பி வந்த ஆட்கள் அல்லவா?” இதைக் கேட்டு எனக்குச் சில நாள் நித்திரை வரவில்லை. அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஒருவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றி எழுதி வைக்கும் குறிப்பு, கோள்தான். எனவே எழுதிய இரண்டு வரியை அதே கிழமையில் அந்த ஆளுக்கே அனுப்பிவிடுகிறேன். பிழையென்றால் அன்றைக்கே மறுக்கலாம். டிசெம்பரில் அவர் படிவத்தைத் திறக்கும்போது அதில் புதிதாக ஒன்றும் இருக்கக்கூடாது. ஆனால் மங்கலாக எழுதினால் வேவு இல்லை என்று அந்த நண்பர் நினைப்பதை நான் ஏற்கவில்லை. ‘நம்பத்தகாதவர்’ என்று காரணம் சொல்லாமல் எழுதி வைத்த பட்டியல்களையும் எங்கள் ஆட்கள் அறிவார்கள்.

மூன்றாவதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் அதுதான் உண்மையான தடை. எண் முதலில் வருகிறது, குறிப்பு பிறகு வருகிறது. டிசெம்பர் தொடக்கத்தில் குழுத்தலைவர்கள் எல்லோரும் முகாமையாளரோடு ஓர் அறையில் உட்கார்ந்து எண்களைச் சமப்படுத்துகிறோம். ‘ஒன்பது பேரில் ஒருவருக்குக்கூட 2 இல்லையென்றால் மேலே நம்பமாட்டார்கள்’ என்று அங்கே சொல்லப்பட்டது. பாருங்கள், ‘சொல்லப்பட்டது’ என்று நானே எழுதுகிறேன். முகாமையாளர் சொன்னார், நான் தலையாட்டினேன், ஆகப் புதியவருக்கு 2 போட்டேன். பிறகு வீட்டுக்குப் போய் 2க்குப் பொருத்தமான வாக்கியங்களைத் தேடினேன். மங்கலான வாக்கியம் எந்த எண்ணுக்குப் பக்கத்திலும் நிற்கும். அதனால்தான் அது எங்களுக்குத் தேவைப்படுகிறது.

திருத்திய குறிப்பை எடுத்துக்கொண்டு முகாமையாளரிடம் போனேன். வாசித்துவிட்டு, இந்தப் பந்திக்குப் பக்கத்தில் 2 நிற்காதே என்றார். நிற்காது என்றேன். மாற்ற மூன்று கிழமை எடுத்தது, 3 ஆக்கினார்கள். அடுத்த வருடம் இன்னொருவருக்காக இதே வேலையைச் செய்தேன், எண் மாறவில்லை. நல்ல வாக்கியத்தால் கெட்ட பங்கீட்டை நிறுத்த முடியாது. அந்த இரண்டும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது, பொய் எங்கே என்று வாசிப்பவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

எண் மாற்றத்துக்குக் கொடுப்பதற்கு முன் அந்தப் பெண்ணுக்குத் திருத்திய குறிப்பைக் காட்டினேன். மேசைக்கு முன்னால் நின்றபடியே வாசித்தார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. அவர் தன்னுடைய குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, கோப்பு இலக்கங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். கனநேரம் எடுத்தது.

“முப்பத்தொண்டு இல்லை அண்ணை, இருபத்தொன்பது,” என்றார். “இந்த ரெண்டுக்கும் டொக்டற்ர கடிதம் நேரத்துக்கு வந்திட்டுது. நான்தான் மறந்துபோனன்.”

திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஏழை ஒன்பதாக்கினேன். அவர் பொத்தானை அழுத்தினார்.